புதன்கிழமை நூறு என்றால் சனிக்கிழமை எவ்வளவு?

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தபின் பலருக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கிறார்கள். கழுத்தில் எஞ்சியிருக்கும் தைராய்டு செல்கள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. அதிலிருந்து வெளிப்படும் கதிர் அந்தச் செல்களை உள்ளிருந்தே அழிக்கிறது. மருந்தின் பெயர் அயோடின்-131. மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் டெல்லூரியத்தின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சி இதைத் தயாரிக்கிறார்கள். மாத்திரையாகவோ திரவமாகவோ, தடித்த ஈயக் குடுவைக்குள் அடைக்கப்பட்டு, பல ஊர் மருத்துவமனைகளுக்கும் போகிறது.

குடுவையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் அளவு மட்டும் இருந்தால் போதாது. தேதியும் மணியும் கூட இருக்கும். ‘100 மில்லிகியூரி, புதன்கிழமை, பகல் 12 மணி’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மில்லிகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. ஒரு நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதை அது சொல்கிறது. அந்த 100 என்ற எண் புதன் பகல் 12 மணிக்கு மட்டுமே உண்மை. நோயாளிக்குச் சிகிச்சை சனிக்கிழமை பகல் 12 மணிக்கு என்றால், அப்போது குடுவைக்குள் எவ்வளவு இருக்கும்?

அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாள். நுட்பமாகச் சொன்னால் 8.02 நாள், நம் கணக்குக்கு 8 போதும். எந்த அளவில் தொடங்கினாலும் 8 நாளில் அதில் பாதிதான் மிஞ்சும். இதை வைத்துப் பள்ளியில் கேட்கும் கேள்விகள் அநேகமாக 16 நாள், 24 நாள் என்றுதான் இருக்கும். பாதி, பாதியில் பாதி, அதில் பாதி என்று வகுத்துக்கொண்டே போனால் விடை வந்துவிடும். ஆனால் நோயாளிகள் எட்டின் மடங்காகப் பார்த்து வருவதில்லை. இங்கே கேள்வி மூன்று நாளுக்கு. கணக்கின் உயிர் இருப்பது இந்த இடைப்பட்ட நாட்களில்தான்.

சட்டென்று மனதில் தோன்றும் வழி ஒன்று உண்டு. எட்டு நாளில் 50 குறைகிறது என்றால் ஒரு நாளைக்கு ஆறேகால், மூன்று நாளைக்கு 18.75, ஆகவே மிச்சம் 81. இது தவறு. இந்த வழியிலேயே தொடர்ந்து போனால் 16ஆம் நாள் குடுவை காலியாகிவிட வேண்டும். உண்மையில் 16ஆம் நாள் 25 மில்லிகியூரி மிஞ்சியிருக்கும்.

ஏன் இப்படி? இதற்கு அணுவின் இயல்பைப் பார்க்க வேண்டும். உலையிலிருந்து நேற்று வெளிவந்த அயோடின்-131 அணுவையும், ஒரு மாதமாகச் சிதையாமல் இருக்கும் இன்னொன்றையும் அருகருகே வைத்தால் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. அணுவுக்கு மூப்பு இல்லை. இத்தனை நாள் தாக்குப்பிடித்தோம், இனி நம் முறை என்று எந்த அணுவும் பலவீனமாவதில்லை. அடுத்த ஒரு நாளுக்குள் சிதையும் வாய்ப்பு ஒவ்வோர் அணுவுக்கும் சுமார் 8.3 சதவீதம். அது நாளைக்கும் அதேதான், அடுத்த மாதமும் அதேதான். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும், சூடாக்கினாலும், வேறு சேர்மமாக மாற்றினாலும் அந்த வாய்ப்பு அசையாது.

எந்த அணு எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் கூட்டமாகப் பார்த்தால் கணக்கு துல்லியமாக வருகிறது. காரணம், கூட்டம் அவ்வளவு பெரியது. 100 மில்லிகியூரி என்றால் நொடிக்கு 370 கோடி அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். அயோடின்-131 அணு ஒன்று ஒரு நொடியில் சிதையும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று. ஆக, குடுவையில் இருக்கும் அணுக்கள் 370 கோடியைப் போல் பத்து லட்சம் மடங்கு. அவ்வளவையும் ஒன்றாகச் சேர்த்து எடை போட்டால் ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறாது, 0.8 மைக்ரோகிராம்தான் வரும். நமக்கு உணவில் தினமும் தேவைப்படும் சாதாரண அயோடினே 150 மைக்ரோகிராம். சிகிச்சைக்கு முன் சில வாரங்கள் அயோடின் சேர்த்த உப்பையும் கடல் உணவையும் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். சாப்பாட்டில் வரும் அயோடின் தைராய்டு செல்களை நிறைத்துவிட்டால், இந்தத் துளியளவு மருந்துக்கு அங்கே இடம் கிடைக்காது.

இப்போது அந்த 8.3 சதவீதத்தை வைத்து நாள் நாளாக நடந்து பார்க்கலாம். புதன்கிழமை 100. ஒரு நாளில் 8.3 போகிறது, வியாழன் பகலில் மிச்சம் 91.7. அடுத்த நாள் போவது 100இல் 8.3 சதவீதம் அல்ல, 91.7இல் 8.3 சதவீதம், அதாவது 7.6. வெள்ளிக்கிழமை 84.1. அதிலிருந்து இன்னும் 7. சனிக்கிழமை பகல் 12 மணிக்கு மிஞ்சுவது 77. முதல் நாள் 8.3 போயிற்று, மூன்றாம் நாள் 7தான் போயிற்று. இருப்பு குறையக் குறைய இழப்பும் குறைகிறது. ஆனால் இழப்பின் விகிதம் மட்டும் மாறுவதே இல்லை.

இந்த நடையை ஒரு தாளில் வரைந்துவிட்டால் அதுதான் சிதைவு வளைகோடு. ஒருமுறை கையால் வரைந்து பார்ப்பது நல்லது. அரை மணி நேரம்கூட ஆகாது. மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாளில் கிடை அச்சில் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1 சென்டிமீட்டருக்கு 2 நாள். நிலை அச்சில் மிச்சத்தின் சதவீதம்; 1 சென்டிமீட்டருக்கு 10 சதவீதம், அதாவது ஒரு சின்னக் கட்டத்துக்கு 1 சதவீதம். முதல் புள்ளி: 0 நாளில் 100. பிறகு 8இல் 50, 16இல் 25, 24இல் 12.5, 32இல் 6.25, 40இல் 3.1.

இந்த ஆறு புள்ளிகளை அளவுகோல் வைத்து நேர்க்கோடுகளால் இணைத்துவிடக் கூடாது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடு போட்டால், மூன்றாம் நாளில் அந்தப் பொய்யான 81தான் மறுபடி கிடைக்கும். உண்மையான கோடு அதற்குக் கீழே தொய்ந்து போகிறது. எவ்வளவு தொய்வு என்று சந்தேகம் வந்தால் நடுவில் இன்னொரு புள்ளியைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. நான்கு நாளில் மிஞ்சும் பங்கு எதுவோ, அதே பங்குதான் அடுத்த நான்கு நாளிலும் மிஞ்சும்; இரண்டையும் பெருக்கினால் பாதி வர வேண்டும். தன்னோடு தானே பெருக்கினால் 0.5 தரும் எண் 0.707. ஆகவே 4ஆம் நாள் 71, 12ஆம் நாள் 35, 20ஆம் நாள் 18. இவற்றையும் குறித்துக்கொண்டு, கை நிற்காமல் வளைவாக இழுத்தால் கோடு தானாகவே சரியாக அமையும்.

படிப்பது எளிது. கிடை அச்சில் 3ஆம் நாளிலிருந்து நேராக மேலே போய், கோட்டைத் தொட்டதும் இடப்பக்கம் திரும்பி நிலை அச்சுக்கு வர வேண்டும். கட்டங்களை எண்ணினால் 77. நாள் நாளாக நடந்து வந்த விடையே இங்கும். கணிப்பான் உள்ளவர்கள் இதையே சூத்திரமாகப் போட்டுப் பார்க்கலாம்:

N = N0 × (1/2)^(t/T)

N0 தொடக்க அளவு, t கடந்த காலம், T அரை ஆயுட்காலம். 3ஐ 8ஆல் வகுத்து அடுக்காகக் கொடுத்தால் 0.77 வரும்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது சனிக்கிழமைக்கு 100 மில்லிகியூரி என்றால், 77 போதாது. அப்போது அதே வளைகோட்டைத் திருப்பிப் படிக்க வேண்டும். மூன்று நாளில் 77 சதவீதம்தான் மிஞ்சும் என்பதால், புதன்கிழமை எவ்வளவு இருந்தால் சனிக்கிழமை 100 மிஞ்சும்? 100ஐ 0.77ஆல் வகுத்தால் 130. மருந்துக்குச் சொல்லும்போதே புதன் பகல் கணக்கில் 130 மில்லிகியூரி என்று கேட்க வேண்டும். குடுவை திங்கள் பகலிலேயே வந்து சேர்ந்துவிட்டால் லேபிளில் உள்ள எண்ணைவிட உள்ளே அதிகம் இருக்கும். இரண்டு நாளுக்கு வளைகோடு சொல்வது 84. ஆகவே லேபிள் 100 என்றால் திங்களன்று இருப்பது 119. லேபிளின் தேதி வருங்காலத்தில் இருந்தாலும் கணக்கு குழம்புவதில்லை. வகுப்பதா பெருக்குவதா என்பது மட்டும்தான் மாறும்.

மருத்துவமனையில் கணக்கோடு நிறுத்திக்கொள்வதில்லை. கிணறு போன்ற துளை உள்ள, வாயு நிரப்பிய ஒரு கருவிக்குள் மருந்தை இறக்கி அளக்கிறார்கள். டோஸ் கேலிபரேட்டர் என்று அதைச் சொல்வார்கள். வளைகோடு சொல்லும் எண்ணும் கருவி காட்டும் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். விலகினால் தேதியைத் தவறாகப் படித்தோமா, மணியை விட்டுவிட்டோமா, குடுவையே மாறிவிட்டதா என்று பார்க்கிறார்கள்.

வளைகோட்டில் எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று: அதை எங்கே தொடங்கிப் படித்தாலும் ஒன்றுதான். நிலை அச்சில் ஏதாவது ஓர் உயரத்தைத் தேர்ந்தெடுங்கள், 60 என்று வைத்துக்கொள்வோம். கோடு 60ஐத் தொடும் நாள் ஏறத்தாழ 6. அதில் பாதி 30. அதைத் தொடும் நாள் 14. இடைவெளி எட்டு. 40இலிருந்து 20, 18இலிருந்து 9, எந்த இணையை எடுத்தாலும் எட்டு நாள்தான் வரும். அணுவுக்கு மூப்பு இல்லை என்று மேலே சொன்னது இப்படித்தான் படத்தில் தெரிகிறது. 1900ஆம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு தோரியத்திலிருந்து வெளிவந்த ஒரு வாயுவை அளந்தபோது கவனித்ததும் இதைத்தான். மின்னோட்டமானியின் அளவு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போயிற்று. பெரிய அளவிலிருந்து பாதியாக எவ்வளவு நேரம் ஆனதோ, சிறிய அளவிலிருந்து பாதியாகவும் அதே நேரம்தான் ஆயிற்று.

யாரோ அளந்து கொடுத்த எண்களிலிருந்து அரை ஆயுட்காலத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னாலும் இதே சோதனைதான். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு கதிரியக்க மாதிரியைக் கருவி முன் வைத்து எண்ணியதில் நிமிடத்துக்கு 420 எண்ணிக்கை வருகிறது. 8 நாள் கழித்து 220. பிறகு எட்டெட்டு நாள் இடைவெளியில் 120, 70, 45. இதில் 420இன் பாதி 210; வந்ததோ 220. அடுத்ததில் 110 வர வேண்டும், 120 வந்திருக்கிறது. கடைசியில் 70இலிருந்து 35க்கு இறங்காமல் 45இல் நிற்கிறது. போகப் போக அரை ஆயுட்காலம் நீள்வதுபோல் தெரிகிறது. உண்மையான சிதைவில் அப்படி நீளவே நீளாது. ஆகவே வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

கலந்திருப்பது பின்னணிக் கதிர்வீச்சு. மண், சுவர், விண்வெளி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கதிர் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கிறது. மாதிரியை எடுத்துவிட்டு வெறும் கருவியை ஓட்டினாலும் அது எண்ணும். இந்த எடுத்துக்காட்டில் அது நிமிடத்துக்கு 20. எல்லா எண்ணிலிருந்தும் 20ஐக் கழித்தால் 400, 200, 100, 50, 25 என்று ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கும். முதலில் கழித்துவிட்டுத்தான் வளைகோடு வரைய வேண்டும். கழித்த பிறகும் வால் பகுதி படுத்துக்கொண்டால், மாதிரிக்குள் இன்னொரு நீண்ட ஆயுள் உள்ள கதிரியக்கப் பொருள் கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

மருந்து நோயாளியின் உடம்புக்குள் போய்விட்டால் கணக்கு இன்னொரு விதத்தில் மாறுகிறது. சிதைவு ஒருபக்கம் நடக்க, உடம்பு தன் பங்குக்கு அயோடினை வெளியேற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வழிகளிலும் குறைவதால் வேகம் கூடும். மிகையாகச் சுரக்கும் தைராய்டுக்காக மருந்து சாப்பிட்டவரின் சுரப்பியிலிருந்து, சிதைவே இல்லாவிட்டாலும் 24 நாளில் பாதி வெளியேறும் என்று வைத்துக்கொண்டால், 8ஐயும் 24ஐயும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையான 32ஆல் வகுக்க வேண்டும். வருவது 6 நாள். சுரப்பிக்குள் பாதியாகும் காலம் அதுதான். புற்றுநோய்க்காகத் தைராய்டை எடுத்துவிட்டவர்களுக்கோ, அயோடினைப் பிடித்துவைக்கப் பெரிதாக எதுவும் இல்லை. மருந்தில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. நோயாளியிடம் கதிர் குறைகிறதே என்று மகிழலாம். ஆனால் வெளியேறிய அணுக்களின் அரை ஆயுட்காலம் வெளியேயும் அதே 8 நாள்தான்.

அதனால்தான் பெரிய அளவில் அயோடின் கொடுக்கும் மருத்துவமனைகளில் தனிமை அறைகளின் கழிப்பறைத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போவதில்லை. தேக்கத் தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். ஒரு தொட்டி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததற்குத் திருப்பிவிடுவார்கள். மூடிய தொட்டி சும்மா கிடக்கும். அயோடின்-131 சிதைந்து, கதிரியக்கம் இல்லாத செனான்-131 ஆக மாறிக்கொண்டிருக்கும். எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்பதை வளைகோடு சொல்லும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூடும்போது தொட்டியில் 400 மில்லிகியூரி இருக்கிறது. அது 2 மில்லிகியூரிக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சதவீதத்தில் இது 0.5. நாம் வரைந்த தாளில் இதைப் படிக்க முடியாது. 0.5 சதவீதம் என்பது அரைக் கட்டம்; பென்சில் கோட்டின் தடிமனே அதை விழுங்கிவிடும். அந்தத் தாள் 40ஆம் நாளோடு முடிந்தும் விடுகிறது.

ஆனால் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான் என்ற குணம் இங்கே கைகொடுக்கிறது. முதலில் முழு அரை ஆயுட்காலங்களாக இறங்குவோம். 400, 200, 100, 50, 25, 12.5, 6.25, 3.125. ஏழு முறை பாதியாகியிருக்கிறது. ஏழு எட்டு 56 நாள். இன்னொரு முறை பாதியாக்கினால் 1.56 ஆகி, தேவைக்குக் கீழே போய்விடும். ஆகவே விடை 56க்கும் 64க்கும் நடுவில் இருக்கிறது. இப்போது 3.125ஐப் புதிய 100 என்று எடுத்துக்கொண்டு, வளைகோட்டின் தலைப்பகுதிக்கே திரும்பி வருவோம். 3.125இல் 2 என்பது 64 சதவீதம். நிலை அச்சில் 64லிருந்து வலப்பக்கம் போய், கோட்டைத் தொட்டதும் கீழே இறங்கினால் 5 நாளுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். 56ஐயும் 5ஐயும் கூட்டினால் 61. அந்தச் சற்று மேலேயையும் சேர்த்து 62 நாள் என்று எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

இவ்வளவு நீண்ட காலக் கணக்குகளுக்கென்றே நிலை அச்சில் 100, 10, 1, 0.1 என்று பத்துப் பத்தாக இறங்கும் மடக்கைத் தாள்கள் கிடைக்கின்றன. அவற்றில் வளைகோடு நேர்க்கோடாகிவிடும், 0.5ஐயும் 50ஐப் போலவே தெளிவாகப் படிக்கலாம். பின்னணிக் கதிர்வீச்சைக் கழிக்க மறந்திருந்தாலும் அந்தத் தாளில் உடனே மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் கோட்டின் வால் மேல்நோக்கி வளையும்.

62ஆம் நாள் வந்ததும் தொட்டியைத் திறந்துவிடுவதும் இல்லை. மூடும்போது இருந்தது 400 என்பதே பல நோயாளிகளின் அளவுகளையும் அவர்கள் தங்கிய நாட்களையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. அது 500 ஆக இருந்திருந்தால் விடை கிட்டத்தட்ட 64 நாள் ஆகிவிடும். ஆகவே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் தண்ணீரில் மாதிரி எடுத்து, பின்னணியைக் கழித்து அளக்கிறார். எண் அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழே இருந்தால்தான் வால்வு திறக்கும். மேலே இருந்தால், அந்தப் புதிய எண்ணை 100 என்று வைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை நாள் என்று அதே வளைகோட்டில் படிக்க வேண்டியதுதான்.